இயக்கினாரா, இயக்கிவிட்டாரா?

ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின நாள், அதிகாலை 4.52 மணி. மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் மல்லிகை மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்த நேரம். கமிஷன் கடைக்காரர்கள் விவசாயிகளுக்குக் கொடுக்கும் எடைச் சீட்டை அச்சிடுவது எங்கள் மென்பொருள். அது அந்த நேரம் பார்த்து நின்றது. எடையைத் தட்டினால் திரையில் வட்டம் சுற்றியது, சீட்டு வரவில்லை. 5.20க்குத்தான் மறுபடி வந்தது. நடுவில் இருந்த 28 நிமிடமும் கடைக்காரர்கள் பழைய நோட்டில் கையால் எழுதினார்கள். முகூர்த்தத்தை ஒட்டிய நாட்களில் மல்லிகை விலை மணிக்கு மணி மாறும். அதனால் எந்த மூட்டை எந்த விலைக்குப் போனது என்பதில் பிற்பகல் வரை வழக்கு ஓடியது.

அன்று மாலையே நிறுவன உரிமையாளர் என்னிடம் ஒரு பக்க அறிக்கை கேட்டார். கணினிச் சேவை விழுந்த பிறகு எழுதும் இந்த அறிக்கைக்குத் தொழிலில் போஸ்ட்மார்ட்டம் என்று பெயர். மதுரையில் அந்தச் சொல்லைச் சொன்னால் பெரியாஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். எங்கள் அலுவலகத்தில் யாரும் அதை விரும்பிச் சொல்வதில்லை. முழு அறிக்கை நிமிடக் கணக்குடன் பத்துப் பக்கம் போகும். அதைப் பொறியாளர்கள் படிப்பார்கள். அதன் தலையில் வரும் ஒரு பக்கச் சுருக்கத்தை எல்லோரும் படிப்பார்கள். மேலாளர்கள் அதை மட்டும் படிப்பார்கள். ஆகவே பழி விழுவதும் விழாமல் போவதும் அந்த ஒரு பக்கத்தில்தான்.

நான் முதலில் எழுதியது இது:

"பணியிலிருந்த பொறியாளர், சந்தை நேரம் என்றுகூடப் பார்க்காமல், நேரலை டேட்டாபேஸில் ஒரு மாற்றத்தை இயக்கிவிட்டார். கட்டளை முடியாமல் நிற்பது தெரிந்தும் உடனே நிறுத்தத் தவறினார். இதனால் சேவை 28 நிமிடம் முடங்கியது. இனி இத்தகைய மாற்றங்களை மிகுந்த கவனத்துடன் செய்யுமாறு குழுவினர் அறிவுறுத்தப்பட்டுள்ளனர்."

பெயர் எழுதவில்லை, திட்டவில்லை. பழி சொல்லாத அறிக்கை எழுதிவிட்டோம் என்றே நினைத்தேன். மறுநாள் காலை படித்துப் பார்த்தபோது ஏறக்குறைய குற்றப்பத்திரிகை போல இருந்தது. எதனால் அப்படித் தோன்றியது என்று ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். பழி பெரிய சொற்களில் இல்லை. தமிழின் சின்னச் சின்ன ஒட்டுகளில் உட்கார்ந்திருந்தது.

"இயக்கினார்" என்றால் ஒரு செயல் நடந்தது என்று பொருள். "இயக்கிவிட்டார்" என்றால் செயலோடு ஒரு உச்சுக்கொட்டலும் சேர்ந்துவிடுகிறது. "பாலைக் கொட்டிவிட்டான்" என்று சொல்லும்போது கொட்டியவனின் தலையில் ஒரு குட்டு விழுகிறதல்லவா, அதே "விடு"தான் இது. "பார்க்காமல்" என்பதோடு "கூட" சேர்ந்தால், இந்தச் சின்ன விஷயமும் தெரியாதா என்ற ஏளனம் வருகிறது. "தெரிந்தும்" என்பதன் "உம்" வேண்டுமென்றே செய்த சாயலை ஏற்றுகிறது. "தவறினார்" என்பதற்கு விளக்கமே தேவையில்லை. நான்கே வரியில் நான்கு தீர்ப்பு. இவற்றை எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் உண்மை ஒன்றுதான்: ஒருவர் ஒரு கட்டளையை இயக்கினார், சேவை நின்றது. ஏன் நின்றது என்பது அந்தப் பத்தியில் எங்குமே இல்லை.

இந்த இடத்தில் பலர் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். ஆளே வேண்டாம் என்று செயப்பாட்டு வினைக்குத் தாவுகிறார்கள். "மாற்றம் மேற்கொள்ளப்பட்டது. சேவை பாதிக்கப்பட்டது. பின்னர் சீரமைக்கப்பட்டது." மின்தடை அறிவிப்பு மாதிரி இருக்கும். யார் மனதும் புண்படாது, யாருக்கும் எதுவும் புரியவும் செய்யாது. இது பழி சொல்லாத எழுத்தல்ல, ஆளைத் துணி போட்டு மூடும் எழுத்து. அந்த 28 நிமிடத்தில் ஒரு மனிதர் மூன்று முடிவுகள் எடுத்தார். அந்த முடிவுகள் எங்கே, எதைப் பார்த்து எடுக்கப்பட்டன என்பதில்தான் காரணம் இருக்கிறது. ஆளை நீக்கினால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

அதனால் ஆள் இருக்க வேண்டும், பதவிப் பெயரோடு இருக்க வேண்டும். "பணியிலிருந்த பொறியாளர்" என்பது போதும். தமிழின் "ஆர்" விகுதி இங்கே பெரிய உதவி: ஆணா பெண்ணா என்று சொல்லாமலே மரியாதையோடு ஒருவரைப் பற்றி எழுத முடிகிறது. எட்டுப் பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் பெயரை மறைத்தால் தெரியாமல் போகுமா என்று கேட்கலாம். எல்லோருக்கும் தெரியும். மறைப்பது நோக்கமே அல்ல. நாளை அதே இடத்தில் வேறொருவர் உட்கார்ந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்பதை வாக்கியம் சொல்ல வேண்டும். பெயர் போட்டால் அது ஒருவரின் கதையாகிவிடும்.

சரி, நடந்தது என்ன? இரண்டு நாள் கழித்து அந்தப் பொறியாளரோடு டீக்கடையில் உட்கார்ந்து பேசினேன். "ஏன் அந்த நேரத்தில் செய்தீர்கள்?" என்று ஆரம்பித்தேன். முகம் சுருங்கியது. "மன்னித்துவிடுங்கள், என் தப்புதான்" என்றார், அதற்கு மேல் பேச்சு வரவில்லை. நம் பேச்சில் "ஏன்" பெரும்பாலும் கேள்வியாக இருப்பதில்லை. "ஏன் லேட்?" என்று கேட்பவர் காரணம் அறிய விரும்புவதில்லை. கேள்வியை மாற்றினேன். "4.52க்கு உங்கள் திரையில் என்னென்ன இருந்தது?" என்றேன். அதற்கு அரை மணி நேரம் பதில் சொன்னார்.

முதலில் நேரம். எங்கள் நடைமுறைக் குறிப்பில் "டேட்டாபேஸ் மாற்றங்களை அதிகாலை 4 முதல் 6 மணிக்குள் செய்யவும்" என்று இருக்கிறது. அவர் அதை வரிக்கு வரி பின்பற்றியிருக்கிறார். அந்தக் குறிப்பை எழுதியவன் நான். எழுதியபோது எங்கள் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் ஜவுளிக் கடைக்காரர்கள். காலை பத்து மணிக்குமுன் ஷட்டர் தூக்காதவர்கள். பூக்கடைகள் பின்னால் வந்தன. குறிப்பு மாறவில்லை. ஊர் தூங்கும் நேரம் என்று நான் எழுதிவைத்த நேரம், பூச்சந்தைக்கு உச்ச நேரம். இந்த ஒன்றைக் கேட்டபோதே என் முதல் அறிக்கையின் "சந்தை நேரம் என்றுகூடப் பார்க்காமல்" எனக்கே திரும்பி வந்தது.

அடுத்தது கட்டளை. பில் அட்டவணையில் ஒரு புதிய பத்தி, அதாவது ஒரு நெடுவரிசை, சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். எங்களுடையது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். காலியான பத்தி ஒன்றைச் சேர்ப்பதற்கு அது தகவலைத் திருப்பி எழுதுவதில்லை, குறிப்பேட்டில் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறது. எத்தனை லட்சம் வரி இருந்தாலும் ஒரு நொடிக்கும் குறைவு. சோதனைச் சர்வரில் 40 மில்லிநொடியில் முடிந்ததைப் பொறியாளர் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். நேரலையில் அது 28 நிமிடம் நின்றது எப்படி என்பதுதான் இந்தச் சம்பவத்தின் நடுமுடிச்சு. சுருக்கம் படிக்கும் மேலாளருக்கும் அது புரிந்தாக வேண்டும்.

சித்திரைத் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். மாசி வீதியில் சாதாரண நாளில் ஆயிரம் பேர் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடக்கிறார்கள். தேர் வரும்போது வீதி முழுக்க அதற்கே வேண்டும். வீதியில் ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பவர் வெளியேறும்வரை தேர் முனையில் நிற்கும். அதற்குள் புதிதாக யாரும் நுழையாதபடி போலீஸார் கயிறு கட்டிவிடுவார்கள். உள்ளே ஒரே ஒரு வண்டி பழுதாகி நின்றாலும் போதும். தேரும் நகராது, கயிற்றுக்குப் பின்னால் நிற்கும் கூட்டமும் நகராது.

பத்தி சேர்க்கும் கட்டளை அந்தத் தேர். அதற்கு அட்டவணை முழுவதும் தன் பூட்டில் வேண்டும், ஒரு நொடியாவது வேண்டும். அன்று 4.40க்கு முந்தைய நாள் கணக்கு அறிக்கை அதே அட்டவணையைப் படிக்கத் தொடங்கியிருந்தது. வழக்கமாக ஐந்து நிமிடத்தில் முடியும். முகூர்த்த வியாபாரம் அதிகம் என்பதால் அன்று இழுத்துக்கொண்டே போனது. அது முடியட்டும் என்று தேர் நின்றது. தேருக்குப் பின்னால் ஒவ்வொரு சீட்டும் வரிசையில் நின்றது. கணக்கு அறிக்கையால் சீட்டுகளுக்கு எந்த இடைஞ்சலும் இல்லை, பத்தி சேர்ப்பது ஒரு நொடி வேலை. இரண்டும் சந்தித்துக்கொண்டதால்தான் கதவு அடைபட்டது. சோதனைச் சர்வரில் கணக்கு அறிக்கை ஓடுவதே இல்லை என்பதால் அங்கே எத்தனை முறை ஒத்திகை பார்த்தாலும் இது தெரிந்திருக்காது.

மூன்றாவது, "தெரிந்தும் நிறுத்தத் தவறினார்" என்று நான் எழுதிய பகுதி. கட்டளை திரும்பி வராததை அவர் 4.54க்கே பார்த்துவிட்டார். கண்காணிப்புத் திரையைப் பார்த்தார், அத்தனையும் பச்சை. சிபியு பயன்பாடு வழக்கத்தைவிடக் குறைவு. காத்து நிற்கும் கட்டளை சிபியுவைத் தொடுவதில்லை என்பதால், சேவை அடைபட்டுக் கிடக்கும்போது இந்தத் திரை மிக நன்றாக இருப்பதாகக் காட்டும். அட்டவணை பெரிது, வேலை நடக்கிறது போலிருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். நடுவில் நிறுத்தினால் அட்டவணை பாதியில் கெட்டுவிடுமோ என்ற பயமும் இருந்தது. போஸ்ட்கிரெஸில் அப்படி ஆகாது, நிறுத்தினால் எதுவும் நடக்காதது போலப் பழைய நிலைக்கே போகும். ஆனால் அதை எங்கள் குறிப்பில் யாரும் எழுதவில்லை. 4.58க்கு ஒரு கடைக்காரர் போன் செய்து "தம்பி, சீட்டு வரவில்லையே" என்றார். 5.12க்கு என்னை எழுப்பினார்கள். காத்திருப்போர் பட்டியலைப் பார்த்துக் கட்டளையை ரத்து செய்யச் சொன்னேன். ரத்தான அடுத்த நிமிடமே, 5.20க்கு, வரிசை கலைந்தது.

இவ்வளவும் கேட்ட பிறகு எழுதிய சுருக்கம் இது. சின்னத் திருத்தங்களோடு அப்படியே தருகிறேன்:

"என்ன நடந்தது: வெள்ளிக்கிழமை அதிகாலை 4.52 முதல் 5.20 வரை பூச்சந்தைக் கடைகள் எதிலும் எடைச் சீட்டு அச்சாகவில்லை. கடைக்காரர்கள் கையால் எழுதிய சீட்டுகள் பிற்பகலில் கணக்கில் ஏற்றப்பட்டன. பதிவான பில் எதுவும் அழியவில்லை.

ஏன் நடந்தது: பணியிலிருந்த பொறியாளர், நடைமுறைக் குறிப்பில் உள்ள நேரத்தில், சோதனையில் 40 மில்லிநொடியில் முடிந்த ஒரு மாற்றத்தை இயக்கினார். அந்த நேரத்தில் ஓடிய கணக்கு அறிக்கை முடிவதற்காக அந்த மாற்றம் காத்து நின்றது; அதன் பின்னால் எல்லாச் சீட்டுகளும் காத்து நின்றன. குறிப்பில் உள்ள நேரம் ஜவுளிக் கடைகளுக்காக வகுத்தது; பூச்சந்தைக்கு அது உச்ச நேரம்.

ஏன் 28 நிமிடம் நீடித்தது: காத்திருப்பைக் காட்டும் அளவீடு கண்காணிப்புத் திரையில் இல்லை. மாற்றத்தை நடுவில் நிறுத்துவது ஆபத்தில்லை என்பது குறிப்பில் இல்லை. முதல் தகவல் வாடிக்கையாளரின் போனிலிருந்து வந்தது.

என்ன மாற்றுகிறோம்: எந்த மாற்றமும் இரண்டு நொடிக்கு மேல் பூட்டுக்காகக் காத்திருந்தால் தானே விலகும். மாற்ற நேரம் கடிகாரத்தை வைத்தல்ல, கடந்த வாரத்தின் பில் எண்ணிக்கையை வைத்து முடிவாகும். நிமிடத்துக்கு அச்சாகும் சீட்டு திடீரெனக் குறைந்தால் எச்சரிக்கை வரும்."

கடைசிப் பகுதியில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரும் ஒரு தேதியும் இருந்தன. காரணம் சொல்லும் இடத்தில் பெயர் வரக்கூடாது; வேலை ஒப்படைக்கும் இடத்தில் பெயர் வந்தே ஆக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, "பழி சொல்லாத அறிக்கை ஆயிற்றே" என்று வேலைகளையும் அனாதையாக விட்ட அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். குழு முழுவதுக்கும் ஒப்படைத்த வேலையை யாரும் செய்வதில்லை.

இரண்டு நொடி விலகலுக்கு எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரே வரி. மாற்றங்களை இயக்கும் கருவியே இதை முன்னால் சேர்த்துவிடுகிறது. பொறியாளர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை:

```sql
SET lock_timeout = '2s';
ALTER TABLE bills ADD COLUMN weight_note text;
```

தேர் இரண்டு நொடி முனையில் நிற்கும், வழி கிடைக்காவிட்டால் திரும்பிப் போய்விடும், கூட்டம் கலையும். பிறகு வேறு நேரத்தில் முயலலாம்.

உரிமையாளர் சுருக்கத்தைப் படித்துவிட்டு "யார் செய்தது என்று இதில் இல்லையே?" என்றார். அவர் கோபக்காரரல்ல. கடைக்காரர்களிடம் போய் பதில் சொல்ல வேண்டியவர், கையில் ஏதாவது ஒன்று வேண்டும். "அவரை மாற்றிவிட்டு இன்னொருவரை அந்த வேலைக்குப் போட்டால், அதே குறிப்பைப் படித்து அதே 4.52க்கு அதையே செய்வார் சார்" என்றேன். "குறிப்பை எழுதியது யார்?" என்று அடுத்த கேள்வி வந்தது. "நான்" என்றேன். சிரித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போனார். அந்தச் சிரிப்பு வராமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. பழி சொல்லாத எழுத்து மேலே இருப்பவரின் பொறுமையை நம்பித்தான் நிற்கிறது. ஒருமுறை ஓர் அறிக்கையை வைத்து யாருக்காவது ஊதிய உயர்வை நிறுத்திவிட்டால், அடுத்த அறிக்கைக்கு யாரும் தங்கள் திரையில் என்ன இருந்தது என்று சொல்ல மாட்டார்கள்.

மேலாளர்களுக்கு இதைப் புரியவைக்க நான் எடுத்துக்காட்டுவது அமேசானின் 2017ஆம் ஆண்டு அறிக்கை. அந்த ஆண்டு பிப்ரவரி 28 அன்று அதன் எஸ்3 சேமிப்புச் சேவை அமெரிக்காவின் ஒரு பகுதியில் பல மணி நேரம் முடங்கியது. அதை நம்பியிருந்த எத்தனையோ தளங்கள் சேர்ந்து விழுந்தன. சில சர்வர்களை மட்டும் நீக்க நினைத்த ஒருவர் கட்டளையில் ஓர் உள்ளீட்டைத் தவறாகத் தட்டியதில், நினைத்ததைவிட அதிகச் சர்வர்கள் நீங்கின. அந்தத் தவறை அறிக்கை ஒளிக்கவில்லை. ஆனால் அதைச் செய்தவர் அதற்கு அதிகாரம் பெற்றவர், வகுத்துவைத்த நடைமுறைப்படியே இயக்கினார் என்பதையும் அதே மூச்சில் சொன்னது. மாற்றமாக அறிவித்தது கருவியைப் பற்றியது: இனி சர்வர்கள் மெதுவாகவே நீங்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவிடாது. ஒரு விரல் தடுக்கினால் இத்தனை சர்வர் போகும்படி கருவி இருந்ததே, அதுதான் அவர்கள் தேடிய இடம். எட்சி என்ற இணைய வணிக நிறுவனத்தில் அப்போது இருந்த ஜான் ஆல்ஸ்பா 2012இல் பழி சொல்லாத போஸ்ட்மார்ட்டம் பற்றி எழுதியது மென்பொருள் உலகில் இந்தப் பழக்கத்தைப் பரப்பியது. அதன் வேர் விமானப் போக்குவரத்து போன்ற துறைகளில் விபத்துகளை ஆராய்ந்தவர்களிடம் இருக்கிறது.

இதற்கு எல்லையும் உண்டு. வேண்டுமென்றே தகவலை அழித்தவர், கணக்கில் கைவைத்தவர் இவர்களுக்கு இந்த அறிக்கை இடமல்ல. அது வேறு அறை, வேறு விசாரணை. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் இரண்டும் கெடும். ஆனால் பத்து ஆண்டுகளில் எனக்கு அந்த அறை ஒரே ஒருமுறைதான் தேவைப்பட்டது.

எழுதி முடித்த சுருக்கத்தை நான் இப்போது ஒரு சோதனைக்கு உட்படுத்துகிறேன். சம்பவத்தில் இருந்தவரிடமே கொடுத்து, "அப்போது உங்களுக்குத் தெரியாத எதையாவது தெரிந்தது போல எழுதியிருக்கிறேனா?" என்று கேட்கிறேன். முடிவு தெரிந்த பிறகு எழுதுகிறவனுக்கு எல்லாமே முன்கூட்டியே தெரிந்த மாதிரி இருக்கும். "செய்திருக்க வேண்டும்", "பார்த்திருந்தால் நடந்திருக்காது" என்ற வாக்கியங்கள் அந்தக் கண்ணிலிருந்து வருபவை. நடக்காத ஒன்றை வைத்து நடந்ததை விளக்க முடியாது. அந்தப் பொறியாளர் என் இரண்டாம் வரைவிலும் ஒன்றைப் பிடித்தார். "உச்ச நேரத்தில் இயக்கினார்" என்று இருந்தது. "எனக்கு அது உச்ச நேரம் என்று தெரியாதே" என்றார். வாக்கியத்தை இரண்டாக உடைத்தேன்.

மாற்றங்கள் மூன்றில் இரண்டு சொன்ன தேதிக்குள் முடிந்தன. சீட்டு எண்ணிக்கை எச்சரிக்கைதான் இழுத்தது. மார்கழி மாதத்தில் முகூர்த்தம் இல்லை, சந்தை மந்தம், நள்ளிரவில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் மணி அடித்தது. இப்போது போன வாரத்தின் அதே கிழமையோடு ஒப்பிடும்படி மாற்றிக்கொண்டிருக்கிறோம். தை முகூர்த்தத்துக்கு முன் இன்னொரு பத்தி சேர்க்க வேண்டியிருந்தது. அதே பொறியாளர்தான் இயக்கினார். கணக்கு அறிக்கை அன்றும் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வந்தது இது:

```
ERROR:  canceling statement due to lock timeout
```

சந்தையில் யாருக்கும் தெரியவில்லை. பதினொன்றரை மணிக்கு மறுபடி இயக்கினார்.